க்ளவுட் கிச்சன் ரீல்: சட்டியில் இருந்து ஆர்டர் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத, டெலிவரி மட்டுமே செய்யும் சமையலறைகளுக்கு ரீல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு புதுச் சமையலறையிலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். இன்ஸ்டாகிராமை மனதில் வைத்து எழுதியது. படம் பிடிக்கிற விஷயங்கள் எந்தத் தளத்துக்கும் பொருந்தும்.

சமையல் முழுசையும் காட்டணுமா? ரீல் எவ்வளவு நேரம் இருக்கணும்?

முழுசும் வேண்டாம். பார்க்கிறவர் சமைக்கக் கற்றுக்கொள்ள வரவில்லை, பசியோடு விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். வெங்காயம் உரிப்பது, அரிசி கழுவுவது, மசாலா அளப்பது எல்லாம் சமையல் குறிப்பு சேனலுக்கு உரியவை. உங்களுக்குத் தேவை வாயில் எச்சில் ஊற வைக்கும் நான்கைந்து கணங்கள்தான்: எண்ணெயில் ஏதாவது விழும் கணம், நிறம் மாறும் கணம், கிளறும் கணம், டப்பாவில் இறங்கும் கணம்.

15 முதல் 20 நொடி போதும். அதற்கு மேல் நீட்ட உங்களிடம் காட்ட ஏதாவது இருந்தால் நீட்டலாம், ஆனால் பெரும்பாலும் இருக்காது. இரண்டு நொடிக்கு ஒருமுறை திரையில் புதிதாக ஏதாவது நடக்கவில்லை என்றால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.

முதல் ஷாட்டா எதை வைக்கிறது? அடுப்பு பத்த வைக்கிறதுல ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். சாப்பிடத் தயாராக இருக்கும் உணவில் ஆரம்பியுங்கள். திறந்த டப்பாவில் இருந்து கரண்டி ஒரு வாய் எடுக்கிறது, ஆவி எழுகிறது, அதுதான் முதல் இரண்டு நொடி. அதற்குப் பிறகு, இது எப்படி இப்படி ஆனது என்று பின்னோக்கிப் போய்ச் சமையலைக் காட்டலாம். அடுப்பில் ஆரம்பித்தால் என்ன உணவு என்று தெரிவதற்குள் விரல் அடுத்த ரீலுக்குப் போய்விடும்.

அதே ஷாட்டில் திரையில் உணவின் பெயரும் நீங்கள் டெலிவரி செய்யும் பகுதியின் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள், குரலில் மட்டும் சொன்னால் அவர்களுக்குப் போய்ச் சேராது. எழுத்தை அடியில் வைக்காதீர்கள். கணக்குப் பெயர், கேப்ஷன், லைக் பொத்தான் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். திரையின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே பாதுகாப்பான இடம்.

ஒரு ரீலை ஷாட் ஷாட்டா சொல்லுங்களேன், அப்படியே எடுத்துப் பார்க்கிறோம்.

முட்டை ஃப்ரைட் ரைஸை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 18 நொடி. முதல் 2 நொடி மேலே சொன்ன டப்பாவும் கரண்டியும். அடுத்த 3 நொடி, புகைய ஆரம்பித்த எண்ணெயில் அடித்த முட்டை விழுந்து ஓரம் எல்லாம் பொரிந்து உப்புகிறது. இந்த ஷாட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், ஏனென்றால் முட்டை மூன்று நான்கு நொடியில் வெந்துவிடும். அதனால் ஊற்றுவதற்கு முன்பே ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு 3 நொடி, ஆறிய சோறு சட்டியில் விழ, கரண்டி கட்டிகளை உடைக்கிறது. அடுத்த 3 நொடி, சட்டியைத் தூக்கிப் புரட்டுவது. அப்புறம் 2 நொடி, சோயா சாஸ் சட்டியின் சூடான ஓரத்தில் வழிந்து "சொய்ங்" என்று கொதித்துச் சோற்றில் சேர்வது. 2 நொடி வெங்காயத்தாள் தூவுவது. கடைசி 3 நொடி டப்பாவில் நிரப்பி மூடுவது, அதன் மேல் "லிங்க் பயோவில்" என்ற எழுத்து.

ஒவ்வொன்றையும் 8 அல்லது 10 நொடிக்குப் பிடித்து, அதில் சிறந்த 2, 3 நொடியை மட்டும் எடுங்கள். ஃபோனைச் செங்குத்தாகப் பிடியுங்கள், 9:16 அளவில். சட்டிக்கு நேர் மேலே நீட்டாதீர்கள். லென்ஸில் ஆவி படியும், எண்ணெய் தெறிக்கும், சூட்டில் ஃபோன் தானாகவே நின்றும் போகும். ஒரு கை தூரத்துக்கு அப்பால் பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்து, ஃபோனில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். மங்கலான ரீல்களில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. திரையில் சட்டியை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும் (ஆண்ட்ராய்டில் பூட்டுப் படம் வரும்). அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தீ எழும்பும்போது படம் இருண்டு, தீ அடங்கும்போது வெளுத்து, கண்ணை உறுத்தும்.

சுடச்சுட இருக்கு, ஆனா வீடியோவுல ஆவியே தெரியல. என்ன பண்றது?

வெளிச்சம் முன்னால் இருந்து விழுகிறது, அதுதான் காரணம். ஆவி என்பது காற்றில் மிதக்கும் சின்னச் சின்ன நீர்த்துளிகள். பின்னாலிருந்தோ பின்பக்க மூலையிலிருந்தோ வெளிச்சம் வந்தால்தான் அவை மின்னும். உணவுக்குப் பின்னால் ஜன்னல் அல்லது சின்ன விளக்கு, அதற்கும் பின்னால் இருண்ட நிறத்தில் ஒரு பலகை அல்லது துணி. வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் வெள்ளை ஆவி அதில் கரைந்துவிடும். ஃபோனின் ஃபிளாஷ் லைட்டைப் போடவே கூடாது.

சூடான அடுப்பு அருகில் ஆவி குறைவாகத்தான் தெரியும், குளிர்ந்த காற்று பட்டால்தான் நீராவி துளியாக மாறும். எக்ஸாஸ்ட் ஃபேனும் அதை உறிஞ்சிவிடும். எனவே டப்பா ஷாட்டை அடுப்பில் இருந்து தள்ளி, கொஞ்சம் குளுமையான இடத்தில் எடுங்கள். நனைத்த பஞ்சைச் சூடாக்கி ஒளித்து வைத்து ஆவி காட்டும் வித்தை விளம்பரப் படங்களில் உண்டு. அது உங்களுக்கு வேண்டாம், சூடான சாப்பாடு உங்கள் கையிலேயே இருக்கிறது.

வீடியோவுல வரிவரியா கறுப்புக் கோடு ஓடுது. ஃபோன் போச்சா?

ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. சமையலறை விளக்குகள் மின்சாரத்தின் ஓட்டத்துக்கு ஏற்ப விட்டுவிட்டு எரிகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் நொடிக்கு 100 தடவை. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது. ப்ரோ வீடியோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120. அந்த வசதி ஃபோனில் இல்லையா, அந்த விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஸ்லோ மோஷனில் இந்தக் கோடு இன்னும் மோசமாக வரும், ஆகவே ஸ்லோ மோஷனைப் பகல் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெண்டிங் பாட்டு போட்டா நல்லா ஓடுமே, போடட்டுமா?

சமையல் ரீலுக்கு சட்டியின் சத்தத்தைவிட நல்ல பாட்டு கிடையாது. முட்டை பொரியும் சத்தம், கரண்டி சட்டியில் தட்டும் சத்தம், டப்பா மூடி "டக்" என்று விழும் சத்தம், இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல்தான் இதற்கு எதிரி. புகை அதிகம் வராத ஷாட்டுகளுக்கு மட்டும் அரை நிமிடம் ஃபேனை நிறுத்தி எடுக்கலாம். தீயை ஏற்றிச் சமைக்கும் ஷாட்டில் நிறுத்தாதீர்கள். அந்தச் சத்தத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம்.

பாட்டு கட்டாயம் வேண்டுமென்றால் மெதுவாக அடியில் ஓடட்டும். பிசினஸ் கணக்குகளுக்குப் பிரபலமான பாட்டுகள் பல கிடைக்காது. உரிமை இல்லாத பாட்டு உள்ள ரீலைப் பிறகு விளம்பரமாகவும் ஓட்ட முடியாது.

ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கும்போது இதையெல்லாம் எப்படிப் பிடிக்கிறது?

பிடிக்காதீர்கள். ஆர்டர் நேரத்தில் எடுத்தால் படமும் பாழ், வாடிக்கையாளரின் சாப்பாடும் தாமதம். சர்வீஸ் தொடங்க ஒரு மணி நேரம் முன்பு, அடுப்பும் மேடையும் துடைத்துச் சுத்தமாக இருக்கும்போது, ரீலுக்கென்று இரண்டு பங்கு சமையுங்கள். ஒன்று சமையல் ஷாட்டுகளுக்கு, இன்னொன்று முதல் ஷாட்டுக்கு. எடுத்து முடித்ததை ஊழியர்கள் சாப்பிடட்டும், அதை யாருக்கும் அனுப்பக் கூடாது.

எடுப்பதற்கு முன் ஃபிரேமின் ஓரங்களை ஒருமுறை பாருங்கள். அழுக்குத் துணி, கருகிப்போன சட்டி விளிம்பு, சமைப்பவரின் நகம், மோதிரம், தலைமுடி. பசியில் இருப்பவர் உணவைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவார். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் மேசையையும் சூழலையும் பார்த்து நம்பிக்கை வரும். உங்கள் சமையலறைக்குள் யாரும் வரப்போவதில்லை, அவர்கள் பார்க்கும் ஒரே இடம் இந்த ஃபிரேம்தான்.

கேப்ஷன்ல லிங்க் போட்டேன், ஒருத்தர்கூடத் தட்டல. ஏன்?

தட்ட முடியாது, அதனால்தான். ரீலின் கேப்ஷனிலோ கமென்டிலோ போடும் இணைய முகவரி வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். தட்டக்கூடிய லிங்க் மூன்று இடங்களில் வைக்கலாம். ஒன்று பயோ, அங்கே ஐந்து லிங்க் வரை போடலாம். இரண்டாவது ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர். மூன்றாவது நேரடி மெசேஜ்: "ரைஸ் என்று கமென்ட் போடுங்கள், லிங்க் அனுப்புகிறோம்" என்று சொல்லி அனுப்புவது. கையால் அனுப்பினாலும் சரி, தானாக அனுப்பும் கருவி வைத்தாலும் சரி.

எனக்குப் பிடித்த வழி: ரீலைப் போட்ட கையோடு அதையே ஸ்டோரியிலும் பகிர்ந்து அதன் மேல் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டுவது. ஏற்கனவே உங்களைத் தொடர்கிறவர்களுக்கு அது ஒரே தட்டு. புதிதாக வருகிறவர்களுக்கு பயோ. பயோவில் ஐந்து லிங்க்கும் நிரப்பாதீர்கள், இரண்டுக்கு மேல் போனால் எதைத் தட்டுவது என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். அந்த வாரம் ஓடும் ரீலின் உணவு முதல் லிங்க்காக, உணவின் பெயரோடு இருக்கட்டும்.

லிங்க் தட்டினா எங்க போகணும்? எங்க மெனுவுக்கே போனா போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ரீலில் பார்த்த அதே உணவின் பக்கத்துக்கு நேராகப் போக வேண்டும். ஒருமுறை நான் எடுத்த ரீல் நன்றாக ஓடியது, லிங்க்கையும் நிறையப் பேர் தட்டினார்கள், ஆர்டர் மட்டும் வரவில்லை. மூன்றாவது நாள்தான் என் ஃபோனில் இல்லாமல் மனைவியின் ஃபோனில் தட்டிப் பார்த்தேன். மெனுவின் முகப்புக்குப் போனது. எழுபது பெயர்களுக்கு நடுவில், நாங்கள் ரீலில் சொன்ன பெயர் இல்லை, வேறு பெயரில் இருந்தது. அதற்கு அருகில் "இப்போது கிடைக்காது" என்று இருந்தது, முந்தைய இரவு யாரோ அணைத்து வைத்ததை யாரும் திரும்பப் போடவில்லை.

ஆகவே, ரீலைப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். உங்கள் ஆர்டர் பக்கத்தில் இதுவரை உள்நுழையாத ஒருவரின் ஃபோனை வாங்கி, இன்ஸ்டாகிராமுக்குள் இருந்தே லிங்க்கைத் தட்டச் சொல்லி, பணம் கட்டும் திரை வரை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இன்ஸ்டாகிராமின் உள் பிரவுசரில்தான் அது திறக்கும். அங்கே இருப்பிட அனுமதி கேட்காமல் போகலாம், மறுபடி உள்நுழையச் சொல்லலாம். எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணுங்கள். ஆறைத் தாண்டினால் எதையாவது குறைக்க வேண்டும்.

சொந்த ஆர்டர் பக்கம் இல்லாத சின்னச் சமையலறைக்கு வாட்ஸ்அப் லிங்க் நன்றாகவே வேலை செய்யும். தட்டியதும் செய்தி தயாராக எழுதப்பட்டு வரும், அனுப்பினால் போதும்:

```
https://wa.me/NUMBER?text=Egg%20Fried%20Rice%20R7
```

`NUMBER` என்ற இடத்தில் நாட்டுக் குறியீட்டோடு எண், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்ஜியமோ இல்லாமல். இதில் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு நிமிடத்துக்குள் பதில் சொல்ல ஆள் வேண்டும். பசியோடு இருப்பவர் பத்து நிமிடம் காத்திருக்க மாட்டார்.

எத்தனை மணிக்குப் போட்டா ஆர்டர் வரும்?

ரீல் போட்ட உடனே எல்லோருக்கும் போய்விடாது, மெல்ல மெல்லப் பரவும், பல நாள் ஓடும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறையும், உடனடிப் பசிக்கு அதுதான் சரி. நான் செய்வது இது: சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு ரீல், பசி எடுக்கத் தொடங்கும் நேரத்தில் லிங்க் ஸ்டிக்கரோடு ஸ்டோரி.

பல நாள் ஓடும் என்பதால் ரீலுக்குள் "இன்று மட்டும்" என்று எழுதாதீர்கள், அது ஸ்டோரிக்கு உரியது. சமையலறை மூடியிருக்கும் நேரத்தில் ரீலைப் பார்த்து வருகிறவருக்காக, பயோவில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி வையுங்கள். முன்கூட்டியே ஆர்டர் செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

பார்வை ஆயிரக்கணக்குல போகுது, ஆர்டர் ரெண்டு மூணுதான். ரீல் சரியில்லையா?

எங்கே ஒழுகுகிறது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: 20,000 பார்வை, அதில் உங்கள் டெலிவரி எல்லைக்குள் இருப்பவர் 4,000. ப்ரொஃபைலுக்கு வந்தவர் 120, லிங்க்கைத் தட்டியவர் 40, ஆர்டர் 3. இங்கே 40 பேர் பசியோடு வாசல் வரை வந்து 37 பேர் திரும்பியிருக்கிறார்கள். ரீல் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு லிங்க்குக்கு அந்தப் பக்கம், லிங்க் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். டெலிவரிக் கட்டணம் கடைசித் திரையில் திடீரென்று தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அதே 4,000 பேரில் ப்ரொஃபைலுக்கே 10 பேர்தான் வந்தார்கள் என்றால், ஆர்டர் எப்படிச் செய்வது என்று ரீல் சொல்லவில்லை. எல்லைக்குள் இருப்பவரே 200 பேர்தான் என்றால் ரீல் தப்பான ஊருக்கு ஓடியிருக்கிறது. பொதுவான நகைச்சுவை, டிரெண்ட் எல்லாம் சேர்த்த சமையல் ரீலுக்கு இதுதான் நடக்கும். பகுதிப் பெயர் முதல் ஷாட்டிலும் கேப்ஷனின் முதல் வரியிலும் லொகேஷன் டேகிலும் இருந்தால், கொஞ்சம் குறைவாக ஓடினாலும் பக்கத்தில் இருப்பவர் அது தனக்கானது என்று புரிந்துகொள்வார். உங்கள் பார்வையாளர்கள் எந்த ஊர் என்பதைக் கணக்கின் இன்சைட்ஸில் பார்க்கலாம்.

ஆர்டர் ரீலைப் பார்த்துத்தான் வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சொந்த ஆர்டர் பக்கம் இருந்தால் லிங்க்கின் வாலில் அடையாளம் சேருங்கள்:

```
https://example.com/menu/egg-fried-rice?utm_source=instagram&utm_medium=reel&utm_campaign=rice07
```

ஒவ்வொரு ரீலுக்கும் கடைசிப் பெயரை மாற்றினால் எது விற்றது என்று தளத்தின் புள்ளிவிவரத்தில் தனித்தனியாகத் தெரியும். வாட்ஸ்அப் என்றால் மேலே உள்ள `R7` போல ஒரு எண், செய்தியோடே வந்துவிடும். டெலிவரி செயலிகள் வழியாக மட்டும் விற்கிறீர்கள் என்றால் இந்த வால் உங்களுக்குப் பயன்படாது, விவரம் அவர்களிடம் நின்றுவிடும். அப்போது ரீலில் மட்டும் சொல்லும் ஒரு கூப்பன் சொல், அல்லது ரீலில் மட்டும் காட்டும் ஒரு காம்போ வையுங்கள். அது எத்தனை விற்றது என்று எண்ணினால் போதும்.

காசு போட்டு பூஸ்ட் பண்ணலாமா?

முதலில் காசில்லாமல் ஓடவிட்டு, அதில் ஆர்டர் கொண்டுவந்த ரீலை மட்டும் பூஸ்ட் செய்யுங்கள். பார்வை அதிகம் வந்த ரீல் வேறு, ஆர்டர் கொண்டுவந்த ரீல் வேறு. டெலிவரி எல்லை எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு மட்டும் காட்டச் சொல்லுங்கள். விளம்பரமாக ஓடும்போது ரீலுக்குக் கீழேயே தட்டும் பொத்தான் வந்துவிடும், பயோவுக்குப் போகத் தேவையில்லை. அந்த நன்மைக்காகவே சில சமயம் செய்யலாம்.

"ரீல்ல இருந்த மாதிரி வரல"ன்னு ரிவ்யூ போடுறாங்க. என்ன செய்ய?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ரீலில் அகலத் தட்டில் குவித்துக் காட்டிவிட்டு ஆழமான டப்பாவில் அடைத்து அனுப்பினால், அளவு ஒன்றாக இருந்தாலும் குறைவாகத்தான் தெரியும். அதனால்தான் முதல் ஷாட்டும் கடைசி ஷாட்டும் அனுப்பும் அதே டப்பாவில் இருக்க வேண்டும் என்கிறேன். முட்டையைக் கூடுதலாகப் போட்டோ, மேலே அலங்காரம் சேர்த்தோ படம் பிடிக்காதீர்கள்.

இன்னொரு கடினமான சோதனையும் உண்டு. சமைத்து டப்பாவில் மூடி, உங்கள் வழக்கமான டெலிவரி நேரம், உதாரணமாக 30 நிமிடம், வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். மொறுமொறு போய் நமுத்துவிடும் உணவு என்றால் அதை ரீலில் மொறுமொறுவென்று கடித்துக் காட்டாதீர்கள். ஃப்ரைட் ரைஸ் போல டப்பாவிலும் தாங்கும் உணவைத் தேர்ந்தெடுங்கள். அல்லது ஓட்டை உள்ள மூடி, தனி சாஸ் டப்பா என்று பேக்கிங்கைச் சரிசெய்துவிட்டு அப்புறம் ரீல் எடுங்கள்.

ரீல் திடீர்னு பிச்சுக்கிட்டு ஓடிடுச்சு, ஆர்டரைத் தாங்க முடியல. ரீலை எடுத்துடலாமா?

நீக்காதீர்கள், நீக்கினால் அந்த ஓட்டம் திரும்ப வராது. லிங்க்கை மாற்றுங்கள். ஒரு அடுப்பில் ஒரு பங்குக்கு 4 நிமிடம் என்றால் மணிக்கு 15 பங்குதான், இரண்டு அடுப்பு இருந்தால் 30. அந்த எண்ணிக்கையைத் தொட்டதும் அந்த உணவை "அடுத்த நேரத்துக்கு முன்பதிவு" என்று மாற்றி, பயோ லிங்க்கின் பெயரிலும் அதை எழுதுங்கள். ரீலின் கேப்ஷனைத் திருத்தி முதல் வரியில் "இப்போது ஆர்டர் நிரம்பிவிட்டது, மாலை 6 மணியிலிருந்து மறுபடி" என்று போடுங்கள். கமென்ட் ஒன்றை மேலே பின் செய்தும் சொல்லலாம். வந்தவர் காத்திருக்கலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

ஏற்கனவே எடுத்த ஆர்டர்களில் தாமதமாகப் போவதை, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். ரீல் எடுக்கும் நாளிலேயே மணிக்கு எத்தனை பங்கு முடியும் என்று கடிகாரம் வைத்து ஒருமுறை சமைத்துப் பார்த்து, அந்த எண்ணை அடுப்புக்கு மேலே ஒட்டி வையுங்கள்.